இரண்டு சிலிண்டர் ஓய்வெடுத்தால் பெட்ரோல் எவ்வளவு மிச்சமாகும்? 1.5 டிஎஸ்ஐ வைத்திருப்பவர்களிடம் ஒரு கேள்வி

கோவை_பயணி

அனைவருக்கும் வணக்கம். எட்டு மாதங்களாக 1.5 டிஎஸ்ஐ எஞ்சின் பொருத்திய ஸ்லாவியா ஓட்டி வருகிறேன்; ஆறு கியர் கொண்ட மேனுவல் வண்டி. இரண்டு வாரத்திற்கு ஒருமுறை கோவையிலிருந்து பெங்களூரு சென்று வருவதால் நெடுஞ்சாலை ஓட்டமே அதிகம். சமதளத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் செல்லும்போது, எஞ்சின் இரண்டு சிலிண்டர்களில் ஓடுவதாக மீட்டரில் அறிவிப்பு வருகிறது. காரை வாங்கும்போது விற்பனையாளர் "நான்கில் இரண்டு நின்றுவிடும், பாதி பெட்ரோல்தான் செலவாகும்" என்றார். அவர் சொன்னதை அப்படியே நம்பவில்லை என்றாலும், ஓரளவு பெரிய வேறுபாட்டை எதிர்பார்த்தேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு 22 கிலோமீட்டர் அளவில் கிடைக்கிறது. நல்ல மைலேஜ்தான். ஆனால் பாதி எஞ்சின் நின்ற பிறகும் மைலேஜ் ஏன் பெரிதாக ஏறவில்லை? உண்மையில் எவ்வளவுதான் மிச்சமாகிறது?

ஓசூர்_ராஜா

விற்பனையாளர் சொன்னது தவறு என்றாலும், அடிப்படையில் ஓர் உண்மை இருக்கிறது. இரண்டு இன்ஜெக்டர்கள் பெட்ரோல் தெளிப்பதை நிறுத்திவிடுகின்றன, எனவே அந்த இரண்டு சிலிண்டர்களின் பெட்ரோல் முழுவதும் மிச்சம். மற்ற இரண்டும் சற்றுக் கூடுதலாக உழைப்பதால் அதில் ஒரு பகுதி திரும்பச் செலவாகிறது. எனக்குப் புரியாதது ஒன்றுதான்: பெட்ரோலை நிறுத்தினாலே வேலை முடிந்துவிடுமே, வால்வுகளையும் மூடி வைப்பதற்கு இத்தனை சிக்கலான கேம்ஷாஃப்ட் எதற்கு? நிறுவனங்கள் விலையை ஏற்றுவதற்காகவே இப்படிச் செய்கின்றன என்பது என் எண்ணம்.

வால்வு_கிளியரன்ஸ்

ராஜா அவர்களே, நீங்கள் கேட்ட கேள்வியில்தான் முழு விடையும் இருக்கிறது. பெட்ரோலை மட்டும் நிறுத்தினால் ஏறக்குறைய எதுவும் மிச்சமாகாது. நான் எஞ்சின் சோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

80 கிலோமீட்டர் வேகத்தில் காரைத் தள்ளுவதற்கு ஒரு குறிப்பிட்ட திறன் தேவை. அதை இரண்டு சிலிண்டர்கள் கொடுத்தாலும் நான்கு கொடுத்தாலும் தேவை மாறாது. ஆகவே இரண்டை நிறுத்தினால் மீதி இரண்டும் "சற்றுக் கூடுதலாக" அல்ல, முழுமையாக இருமடங்கு வேலை செய்தாக வேண்டும். பெட்ரோலும் ஏறக்குறைய அப்படியே இடம் மாறுமே ஒழியக் குறையாது. அப்படியானால் மிச்சம் எங்கிருந்து வருகிறது என்றால், த்ராட்டிலிலிருந்து வருகிறது.

பெட்ரோல் எஞ்சினில் திறனைக் குறைக்க வேண்டுமானால் உள்ளே போகும் காற்றைக் குறைக்க வேண்டும்; அதற்காகத் த்ராட்டில் தட்டு பெரும்பாலும் மூடியே இருக்கும். மூடிய தட்டுக்குப் பின்னால் இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் வெளிக்காற்றைவிட வெகுவாகக் குறைந்துவிடும். ஊசி போடும் சிரிஞ்சின் முனையை விரலால் பாதி அடைத்துக்கொண்டு பிஸ்டனை வெளியே இழுத்துப் பாருங்கள், கை வலிக்கும். சாதாரணப் பயணத்தில் உங்கள் எஞ்சின் ஒவ்வோர் உறிஞ்சலிலும் அந்த வேலையைத்தான் செய்கிறது, அதற்கும் பெட்ரோல் எரிகிறது. இரண்டு சிலிண்டர்கள் ஒதுங்கிக்கொண்டால் மீதி இரண்டுக்கும் இருமடங்குக் காற்று வேண்டியிருப்பதால் த்ராட்டில் அகலத் திறக்கிறது, இழுப்பதற்கான சிரமம் மறைகிறது. மிச்சம் என்பது பெரும்பாலும் இதுதான்.

இப்போது வால்வு. பெட்ரோலை மட்டும் நிறுத்தி வால்வுகளை வழக்கம்போல் இயங்க விட்டால், அந்த இரண்டு சிலிண்டர்களும் வெறும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். காற்றை இழுத்துத் தள்ளும் வேலை ஒழியவில்லை. அதைவிட மோசமாக, எரியாத காற்றில் இருக்கும் ஆக்சிஜன் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய்ச் சேரும். அது நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சிதைக்க முடியாமல் போகும். அதனால்தான் உறிஞ்சும் வால்வு, வெளியேற்றும் வால்வு இரண்டையும் இறுக மூடி வைக்கிறார்கள்.

ஓசூர்_ராஜா

த்ராட்டில் விவகாரம் புரிந்தது, நன்றி. விலை ஏற்றுவதற்கு என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இரண்டு வால்வுகளும் மூடிய சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்க்கொண்டுதானே இருக்கிறது? மூடிய அறைக்குள் காற்றை அமுக்க எவ்வளவு சக்தி வீணாகும்! உள்ளே வெற்றிடம் உண்டாக்கி வைத்திருந்தால்தான் அது சாத்தியம் என்று நினைக்கிறேன்.

வால்வு_கிளியரன்ஸ்

வெற்றிடம் இல்லை, உள்ளே வாயு அடைபட்டுக் கிடக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயை விரலால் அழுத்தி மூடிக்கொண்டு கைப்பிடியைக் கீழே அமுக்குங்கள். கையை எடுத்ததும் அது தானாக மேலே எழும்பும். அமுக்கும்போது கொடுத்த சக்தியைப் பெரும்பாலும் திருப்பித் தந்துவிடுகிறது. சிலிண்டருக்குள்ளும் அப்படியே: மேலே போகும்போது வாங்கிய சக்தியைக் கீழே வரும்போது பிஸ்டன் கிரேங்க்கிடம் திருப்பிக் கொடுக்கிறது. சுவர் வழியாகப் போகும் வெப்பமும், ரிங் இடுக்கில் கசியும் வாயுவும் மட்டுமே நட்டம். ரிங் கசிவினால் சில சுற்றுகளிலேயே உள்ளழுத்தம் குறைந்து ஒரு நிலைக்கு வந்துவிடும்.

எரிந்த வாயுவைச் சிறைப்பிடிப்பதா, புதுக் காற்றைச் சிறைப்பிடிப்பதா என்பதில் வடிவமைப்பாளர்களுக்குள் இரு பிரிவு உண்டு. எரிந்த வாயு சூடாக இருப்பதால் சிலிண்டர் குளிர்ந்து போகாது. புதுக் காற்றானால் முதல் சில சுற்றுகளில் அதிர்வு குறைவு. நான் இரண்டாவது கட்சி. என்னுடன் வேலை பார்த்தவர்கள் பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நெல்லை_ஓட்டுநர்

என்னிடம் 1.0 டிஎஸ்ஐ இருக்கிறது. அதிலும் இந்த வசதி இருக்கிறது என்றே நினைக்கிறேன். மலைப்பாதையில் கியரிலேயே விட்டு இறங்கும்போது உடனடி மைலேஜ் அளவு உச்சத்துக்குப் போய்விடுகிறது. என் வண்டியில் மூன்று சிலிண்டர்களும் நின்றுவிடுகின்றன போலிருக்கிறது. அப்படியானால் என்னுடையது இதைவிடச் சிறந்தது இல்லையா?

வால்வு_கிளியரன்ஸ்

அண்ணா, நீங்கள் பார்ப்பது வேறு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால் பெட்ரோல் முழுவதுமாக நிறுத்தப்படுகிறது. இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சின்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இது உண்டு. கியரில் இருக்கும்போது காலை முழுவதுமாக எடுத்திருந்தால் மட்டுமே நடக்கும். சிலிண்டர் நிறுத்தமோ கார் சீராக முன்னே போய்க்கொண்டிருக்கும்போது, காலை மெதுவாக அழுத்தியபடி இருக்கும்போது நடப்பது. உங்கள் 1.0 எஞ்சினில் அந்தக் கேம்ஷாஃப்ட் அமைப்பு இல்லை. ஃபோர்டு நிறுவனம் ஐரோப்பாவில் தன் 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டரை நிறுத்தும் முறையைக் கொண்டுவந்தது, ஆகவே மூன்றிலும் செய்ய முடியாதது அல்ல. ஆனால் எஞ்சின் ஏற்கெனவே சிறியது என்பதால் அதன் த்ராட்டில் அதே வேகத்தில் ஏற்கெனவே கூடுதலாகத் திறந்திருக்கும். பிடுங்குவதற்கு மிச்சம் குறைவாகவே இருக்கும்.

கோவை_பயணி

மிக்க நன்றி. என் கேள்வியின் இரண்டாம் பகுதி இன்னும் நிற்கிறது. எண்களில் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா? 80 கிலோமீட்டர் வேகத்தில் ஆறாவது கியரில் என் வண்டி 1,700 ஆர்பிஎம் அளவில் சுழல்கிறது.

வால்வு_கிளியரன்ஸ்

கைக்கணக்காகப் போடுகிறேன். சோதனைக் கூட அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் உண்மையை விட்டு வெகுதூரம் போகாது.

உங்கள் கார் ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ என்று வைப்போம். 80 கிலோமீட்டர் வேகத்தில் டயர் உருளும் எதிர்ப்பும் காற்றின் எதிர்ப்பும் சேர்ந்து ஏறக்குறைய 350 நியூட்டன் வரும். அந்த வேகத்துக்குப் பெருக்கினால் 7.8 கிலோவாட். கியர்பாக்ஸில் போகும் நட்டத்தையும் சேர்த்தால் எஞ்சின் 8.5 கிலோவாட் கொடுத்தாக வேண்டும். உங்கள் எஞ்சினின் உச்சத் திறன் 110 கிலோவாட் என்பதைப் பார்த்தால், பயணத்தின் பெரும்பகுதியில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படுவதில்லை.

நான்கு சிலிண்டர்களிலும் ஓடினால் இந்தச் சுமைக்கு இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தம் வெளிக்காற்றில் பாதி அளவுக்கு இறங்கியிருக்கும். காற்றை இழுத்து வெளியே தள்ளுவதற்கு மட்டும் அப்போது ஏறக்குறைய 1 கிலோவாட் போகிறது. பிஸ்டன், பேரிங், பம்புகள் ஆகியவற்றின் உராய்வுக்கு இன்னுமொரு 2.5 கிலோவாட் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் எரிதலிலிருந்து 12 கிலோவாட் கிடைத்தால்தான் சக்கரத்தின் பக்கம் 8.5 போகும். இந்த 12 கிலோவாட்டைத் தர ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 3.6 லிட்டர் பெட்ரோல் வேண்டும், அதாவது லிட்டருக்கு 22 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

இப்போது இரண்டு சிலிண்டர்களுக்கு மாறுங்கள். மேனிஃபோல்டின் அழுத்தம் வெளிக்காற்றுக்கு அருகில் வந்துவிடுவதால், காற்றை இழுக்கும் செலவு 1 கிலோவாட்டிலிருந்து 0.1 கிலோவாட்டுக்கு இறங்கும். உராய்வு பெரிதாக மாறாது, ஏனெனில் நிறுத்திய சிலிண்டர்களிலும் பிஸ்டன் ஓடிக்கொண்டே இருக்கிறது. அடைபட்ட வாயுவின் சிறு நட்டத்துக்காக 0.2 கழித்தால் 0.7 கிலோவாட் மிச்சம். பன்னிரண்டில் 0.7 என்றால் 6 சதவிகிதத்துக்குச் சற்றுக் குறைவு. 22.2 என்ற மைலேஜ் 23.6 ஆகும். 100 கிலோமீட்டருக்கு கால் லிட்டர் பெட்ரோல், அவ்வளவுதான்.

ஃபோக்ஸ்வாகன் 2012இல் இந்த முறையை 1.4 லிட்டர் எஞ்சினில் கொண்டுவந்தபோது, அன்றைய ஐரோப்பியச் சோதனைச் சுழற்சியில் 100 கிலோமீட்டருக்கு 0.4 லிட்டர் குறையும் என்றும், 50 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது, நான்காவது கியரில் சீராக ஓட்டினால் 1 லிட்டர் வரை குறையும் என்றும் அறிவித்தது. சுமை குறையக் குறைய த்ராட்டில் மேலும் மூடுகிறது, ஆகவே மிச்சத்தின் பங்கும் கூடுகிறது. 50 கிலோமீட்டர் வேகத்துக்கு இதே கணக்கைப் போட்டால் எனக்கு 13 சதவிகிதத்துக்கு அருகில் வருகிறது.

தஞ்சை_கணக்கர்

ஐயா அவர்களின் கணக்கை ரூபாயில் பார்க்கிறேன். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டி, அதில் பாதி இரண்டு சிலிண்டரில் போனால் 7,500 கிலோமீட்டருக்கு 19 லிட்டர் அளவில் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,900 ரூபாய். டயர் காற்றைச் சரியாக வைத்திருந்தாலே இதற்கு ஈடாகச் சேமிக்கலாம் போலிருக்கிறதே! நகருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு இதுவும் கிடைக்காது என்று எடுத்துக்கொள்ளலாமா?

வால்வு_கிளியரன்ஸ்

நகருக்குள் கிடைப்பது மிகக் குறைவு. சிக்னலில் எஞ்சின் நிற்கிறது, கிளம்பும்போது நான்கும் வேண்டும், மீண்டும் பிரேக். ஏசிடி என்று அழைக்கப்படும் இந்த அமைப்பு 1.4 எஞ்சினில் 1,400 முதல் 4,000 ஆர்பிஎம் வரையிலும், 25 முதல் 100 நியூட்டன் மீட்டர் வரையிலான டார்க்கிலும்தான் இரண்டு சிலிண்டருக்கு இறங்கியது. வண்டி அந்தக் கட்டத்துக்குள் சில விநாடிகளாவது நிலைத்து நிற்க வேண்டும். காலை அடிக்கடி அழுத்தி எடுப்பவர் என்று கண்டுகொண்டால் நான்கிலேயே வைத்திருக்கும். மாறி மாறித் தாவுவது யாருக்கும் நல்லதில்லை.

பழைய_மெக்கானிக்

தம்பிகளே, இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1981இலேயே காடிலாக் எட்டு சிலிண்டர் எஞ்சினை ஆறாகவும் நான்காகவும் மாற்றிக் காட்டியது. அன்றைய கணினி வேகம் போதாமல் மாற்றம் நடக்கும்போது வண்டி தடுமாறியது. அடுத்த ஆண்டே பெரும்பாலான மாடல்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு இருக்கும் அச்சமும் அதுவே. ஓடும் எஞ்சினில் ஒரு வால்வின் வேலையை நடுவில் நிறுத்துவது எப்படித் தடுமாறாமல் நடக்கும்? இன்னொன்று: இரண்டு மட்டும் ஓயாமல் உழைத்தால் அவை முதலில் தேயாதா?

வால்வு_கிளியரன்ஸ்

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மதிப்பளித்தே எழுதுகிறேன். இங்கே கேம்ஷாஃப்டின் மீது இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கான கேம்கள் தனி உறையில் அமைந்து, பக்கவாட்டில் நகரக் கூடியவை. ஒவ்வோர் உறையிலும் அருகருகே இரண்டு வடிவங்கள்: ஒன்று வழக்கமான மேடுள்ள கேம், மற்றது மேடே இல்லாத வெறும் வட்டம். உறையின் மேல் திருகு போன்ற பள்ளம் வெட்டியிருக்கிறது. மேலிருந்து ஒரு மின்காந்த ஊசி அந்தப் பள்ளத்தில் இறங்கினால், சுழலும் கேம்ஷாஃப்டே உறையைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். நகர்வு நடப்பது கேமின் மேடு வால்வைத் தொடாத இடைவெளியில். கேம்ஷாஃப்டின் அரைச் சுற்றில் வேலை முடிகிறது; அது கிரேங்க்கின் ஒரு சுற்று, 1,700 ஆர்பிஎம்மில் 35 மில்லிவிநாடி.

தடுமாற்றத்தைத் தடுப்பது ஊசியல்ல, அதற்கு முந்தைய ஏற்பாடு. இரண்டை நிறுத்துவதற்குச் சற்று முன்பே த்ராட்டிலைத் திறந்து நான்கிலும் காற்றை ஏற்றுகிறார்கள். அப்படியே விட்டால் வண்டி முன்னே பாயும் என்பதால் தீப்பொறியைத் தாமதப்படுத்தி, கூடுதல் டார்க்கை விழுங்க விடுகிறார்கள். இரண்டு சிலிண்டர்கள் நின்ற அதே கணத்தில் தீப்பொறி பழைய இடத்துக்குத் திரும்புகிறது. உங்கள் காலுக்கு எதுவும் தெரிவதில்லை. தாமதப்படுத்திய அந்தச் சில சுற்றுகளில் பெட்ரோல் வீணாகிறது என்பதால்தான், அடிக்கடி மாறினால் சேமிப்பே தின்னப்பட்டுவிடும்.

தேய்மானத்தைப் பொறுத்தவரை, இரண்டு சிலிண்டர்களிலும் ஒவ்வொன்றின் சுமையும் ஏற்றத்தில் நான்கிலும் ஓடும்போது இருப்பதைவிடக் குறைவே. ஆகவே அதிகச் சுமையால் தேயும் என்பது என் பார்வையில் சரியல்ல. நின்ற சிலிண்டர் குளிர்ந்து ரிங் வழியாக எண்ணெய் மேலேறலாம் என்ற கேள்வி நியாயமானது.

பழைய_மெக்கானிக்

எண்ணெய் மேலேறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெரிய V8 வண்டியில், எண்ணெய் அழுத்தத்தால் லிஃப்டரை மடக்கும் வகை, நிறுத்தப்படும் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்குகளில் மட்டும் கரி படிந்திருந்தது. இந்தத் திருகுப் பள்ளம் முறையில் அது வருமா என்று பத்து ஆண்டு ஓடிய எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால்தான் நான் ஒப்புக்கொள்வேன். பிளக்கைக் கழற்றி நான்கையும் வரிசையாக வைத்து நடுவில் உள்ள இரண்டின் நிறத்தைப் பாருங்கள், அது பொய் சொல்லாது.

சேலம்_சாலையோரம்

எனக்கும் 1.5தான், வேறு நிறுவனத்தின் பெயர்ப்பலகை. 65 கிலோமீட்டர் வேகத்தில் ஆறாவது கியரில் போனால், காலடியில் ஒரு ரீங்காரம், ஸ்டியரிங்கில் மெல்லிய நடுக்கம். சர்வீஸ் நிலையத்தில் மென்பொருளைப் புதுப்பித்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், எதுவும் மாறவில்லை. ஒரு சிலிண்டர் எரியாமல் போகிறதோ என்று அச்சமாக இருக்கிறது.

வால்வு_கிளியரன்ஸ்

அந்த வேகத்தில் உங்கள் எஞ்சின் ஏறக்குறைய 1,400 ஆர்பிஎம்மில் இருக்கும். நான்கில் ஓடும்போது விநாடிக்கு 47 முறை தீப்பிடிக்கும். இரண்டில் ஓடும்போது 23 முறை, ஒவ்வொன்றும் இருமடங்கு பலத்தோடு. ஒன்றும் நான்கும் மட்டும் எரிவதால் இடைவெளி சமமாகவே இருக்கிறது, ஆனால் அந்தத் தாழ்ந்த அதிர்வு உடலுக்கும் தரைத்தகட்டுக்கும் எளிதில் எட்டும். அதைவிடக் கீழே இந்த முறையை இறங்க விடாமல் வைப்பதற்கும் இதுவே காரணம்.

பிரித்தறிவது எளிது. ரீங்காரம் வரும்போது மீட்டரில் இரண்டு சிலிண்டர் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், காலைச் சற்றே அழுத்துங்கள்; நான்குக்கு மாறியவுடன் ரீங்காரம் பட்டென்று நின்றுவிட வேண்டும். எரியாமல் போகும் சிலிண்டராக இருந்தால் நேர்மாறாக, அழுத்தும்போது நடுக்கம் கூடும், எஞ்சின் விளக்கு மின்னும். முதல் வகை என்றால் எஞ்சின் மவுண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கில் ஓடும்போது மறைத்துவைத்த தளர்வை இரண்டில் ஓடும்போது மவுண்டு காட்டிக்கொடுத்துவிடும்.

கோவை_பயணி

இந்த வாரம் ஓபிடி கருவியைச் செருகி மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்தபடி என் மனைவி பக்கத்தில் அமர்ந்திருந்தார். சங்ககிரி தாண்டிய சமதளத்தில் 80 கிலோமீட்டர் வேகம், க்ரூஸ் கட்டுப்பாட்டில். அளவு 50 கிலோபாஸ்கலுக்கு அருகில் இருந்தது, அறிவிப்பு வந்த கணத்தில் 90ஐத் தொட்டது. வேகமும் ஆர்பிஎம்மும் அசையவே இல்லை. ஒரு சிறு பாலத்தின் ஏற்றத்தில் மீண்டும் நான்குக்குப் போய்விட்டது. நீங்கள் எழுதியதைக் கண்ணால் பார்த்தது போலிருந்தது.

ஆனால் மைலேஜ் வேறுபாட்டை அளக்க முடியவில்லை. என் வண்டியில் இதை அணைத்து வைக்கும் பொத்தான் இல்லை, எனவே நான்கில் மட்டும் ஓட்டி ஒப்பிட வழியில்லை. ஐந்தாவது கியரில் ஓட்டினால் ஆர்பிஎம் மாறிவிடுகிறது, கணக்குக் குழம்புகிறது.

தஞ்சை_கணக்கர்

6 சதவிகிதத்தை பெட்ரோல் நிரப்பும் முறையில் அளப்பதும் கடினம். தானாக நிற்கும் நாசில் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் நிற்பதில்லை. அரை லிட்டர் முன்பின் ஆனால் இருபது லிட்டரில் 2.5 சதவிகிதம் பிழை. எதிர்க்காற்று அடித்தால் இன்னும் மோசம். குறைந்தது பத்து முறையாவது அதே சாலையில் போய்வந்தால் ஒரு சராசரி சொல்லலாம்.

சேலம்_சாலையோரம்

அழுத்திப் பார்த்தேன். அறிவிப்பு மறைந்தவுடன் ரீங்காரமும் போய்விட்டது, எஞ்சின் விளக்கு எதுவும் இல்லை. மவுண்டைப் பார்க்க சனிக்கிழமை வண்டியைக் கொடுத்திருக்கிறேன். பிளக்குகளையும் கழற்றிக் காட்டச் சொல்லியிருக்கிறேன், வண்டி 60,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது; நடுவில் உள்ள இரண்டின் நிறத்தைப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.